83 காட்டிய இரவும் 93 காட்டிய மாலையும்

இரவு இரண்டே முக்கால் மணிக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. நான் ஐசியூவில் நைட் டியூட்டியில் இருந்தேன்.

"அக்கா, அப்பாவுக்கு 83 காட்டுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"

அப்பாவுக்கு 71 வயது. நிமோனியாவுக்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அதுவரை 94, 95 என்றே வந்துகொண்டிருந்தது. 83 என்று கேட்டதும் எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் 16 வருடம் இதே எண்ணைப் பார்த்துப் பழகியதால், வாய் தானாக இன்னொரு எண்ணைக் கேட்டது.

"ஆக்சிஜனைக் காட்டற SpO2 பக்கத்துல, துடிப்புக்கு PR-னு ஒண்ணு இருக்கும் பாரு, அது எவ்வளவு?"

"47."

"அப்பா என்ன பண்றார்?"

"தூங்கிட்டு இருந்தார். நான் மாட்டினதும் முழிச்சிட்டார். என்னடா இந்த நேரத்துலனு கேக்கறார்."

"மூச்சு வாங்காம பேசறாரா? உதடு, நாக்கு நிறம் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் பேசறார். நிறமும் எப்பவும் போலதான் இருக்கு."

"சரி, மீட்டரைக் கழட்டு. மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா உன் ரெண்டு விரலை வெச்சு, 30 செகண்டுக்குத் துடிப்பை எண்ணு."

எண்ணினான். 46. அப்படியென்றால் நிமிடத்துக்கு 92. மீட்டர் காட்டியதோ 47, ஏறக்குறைய சரிபாதி. அப்பாவின் இதயம் இரண்டு முறை துடித்தால் மீட்டர் ஒன்றைத்தான் பிடித்திருக்கிறது. துடிப்பையே ஒழுங்காகப் பிடிக்காத மீட்டர் சொல்லும் ஆக்சிஜன் எண்ணை நம்ப முடியாது. மணிக்கட்டிலும் 47 என்றே வந்திருந்தால், யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லியிருப்பேன்.

கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஐஸ் மாதிரி இருக்கிறது என்றான். ஃபேனுக்கு நேர் கீழே, போர்வைக்கு வெளியே நீட்டியபடி தூங்கிய கை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஐந்து நிமிடம் சூடேற்றச் சொன்னேன். பிறகு அடுத்த கையின் நடுவிரலில் மாட்டி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருந்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். 94, துடிப்பு 91. போர்வையை இழுத்துவிட்டுத் தூங்கச் சொல்லிவிட்டேன்.

துடிப்புக்கும் ஆக்சிஜனுக்கும் என்ன தொடர்பு என்று அவன் மறுநாள் கேட்டான். அதற்கு இந்தச் சின்னக் கருவி எதை அளக்கிறது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பலரும் நினைப்பதுபோல அது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை நேராக அளப்பதில்லை. ரத்தத்தின் நிறத்தைத்தான் பார்க்கிறது.

ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபின் நல்ல சிவப்பு. ஆக்சிஜனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. மீட்டரின் ஒரு பக்கத்தில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, அலைநீளம் சுமார் 660 நானோமீட்டர். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940 நானோமீட்டர். இரண்டும் மாறி மாறி நொடிக்குப் பல நூறு தடவை விரலுக்குள் பாய்கின்றன. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் உணரி, எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்று பார்க்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் உள்ளது அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கணக்கு.

ஆனால் விரலுக்குள் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம், அதோடு ஏற்கெனவே ஆக்சிஜனை இறக்கிவிட்டுத் திரும்பும் சிரை ரத்தம் என்று எல்லாமே ஒளியை விழுங்கும். தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது இதைத்தான். இதயம் துடிக்கும்போது விரலில் தமனி ரத்தம் மட்டும் கொஞ்சம் கூடிக் குறைகிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன. ஆகவே ஒளியில் மாறாமல் இருக்கும் பகுதியைத் தள்ளிவிட்டு, துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்தால் போதும். அந்தப் பகுதி மிகச் சிறியது, வந்து சேரும் ஒளியில் ஒன்றிரண்டு சதவீதம் இருந்தாலே நல்ல துடிப்பு என்போம். குளிர்ந்த விரலில் ரத்தக்குழாய்கள் சுருங்கி அது இன்னும் பல மடங்கு சிறுத்துவிடும்.

துடிப்பு இல்லையென்றால் மீட்டரிடம் கணக்குப் போட ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஆக்சிஜன் எண்ணைவிட முதலில் துடிப்பு எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஐசியூவுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்லித்தரும் இன்னொரு விஷயம் உண்டு. மீட்டர் இரண்டு ஒளிகளிலும் துடிக்கும் பகுதியின் அளவை ஒப்பிட்டு ஒரு விகிதத்தை எடுக்கிறது. அதை R என்பார்கள். பாடப்புத்தகங்களில் தோராயமாக இப்படி ஒரு சூத்திரம் இருக்கும்:

```
SpO2 = 110 − 25 × R
```

உண்மையில் கருவிக்குள் இருப்பது சூத்திரம் அல்ல, ஒரு அட்டவணை. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, அவர்கள் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து அளந்து, எந்த R-க்கு எந்தச் சதவீதம் என்று பொருத்தி வைத்தது. அவர்களை 70 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோவது ஆபத்து என்பதால் அதற்குக் கீழே மீட்டர் சொல்வதெல்லாம் உத்தேசம்தான். ஆனாலும் விஷயத்தைப் புரிந்துகொள்ள அந்தச் சூத்திரம் போதும். R 0.5 என்றால் 97.5 வரும். R 1 என்றால் 85.

இப்போது கை நடுங்குகிறது, அல்லது விரல் குளிர்ந்து துடிப்பு கிட்டத்தட்ட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வெறும் அசைவின் சலசலப்பு. அந்தச் சலசலப்பு சிவப்பிலும் அகச்சிவப்பிலும் ஒரே அளவில் இருக்கும். இரண்டும் சமம் என்றால் விகிதம் 1. விகிதம் 1 என்றால் 85. ஆக, ஒன்றுமே புரியாத நிலைக்குப் போகும் மீட்டர் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக 85-ஐ ஒட்டி ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். அப்பாவுக்கு வந்த 83 அந்த வகைதான். 83 முதல் 87 வரை எந்த எண் வந்தாலும் நான் இரண்டாவது தடவை பார்க்காமல் நம்புவதில்லை. அதற்காக அதைப் பொய் என்று ஒதுக்குவதும் கிடையாது. நிஜமாகவே 85-க்கு இறங்கியவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு மீட்டரின் துடிப்பும் மணிக்கட்டின் துடிப்பும் ஒத்துப்போகும், திரையில் துடிப்புக் கோடு சீராக ஏறி இறங்கும், ஆளைப் பார்த்தாலே தெரியும்.

இதெல்லாம் மீட்டர் குறைவாகக் காட்டி பயமுறுத்தும் கதை. எனக்கு உண்மையில் பயம் தருவது இதன் மறுபக்கம்.

அந்த இரவுக்கு ஐந்து நாள் கழித்து, ஒரு மாலை, நான் அப்பாவோடு வீட்டில் இருந்தேன். மீட்டரில் 93. துடிப்பு 108, மணிக்கட்டிலும் அதே. கை வெதுவெதுப்பாக இருந்தது, கோடு அழகாக ஓடியது. தம்பிக்கு நிம்மதி. முந்தின நாள் 94, இன்று 93, ஒன்றுதானே குறைந்திருக்கிறது என்றான். எனக்கு ஆளைப் பார்க்கத்தான் சரியில்லை. டிவியைப் பார்த்தபடி சாய்ந்திருந்தவர் ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொன்னார். சட்டையை விலக்கிவிட்டு, சொல்லாமல் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன். 29. முந்தின நாள் நோட்டில் 20 என்று இருந்தது. மூச்சு இழுக்கும்போது கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்தது.

93 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. கிளம்பிவிட்டோம். மருத்துவமனையில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தார்கள், நாங்கள் ஏபிஜி என்று சொல்லும் பரிசோதனை. ரத்தத்திலேயே நேராக அளந்த ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம். அதே நேரத்தில் விரலில் இருந்த மீட்டர் 92 என்றது. நிமோனியா திரும்பப் பரவியிருந்தது.

மீட்டர் பழுதில்லை. நான்கு புள்ளி வித்தியாசம் இந்தக் கருவியில் நடக்கக்கூடியதுதான். நல்ல மீட்டரின் அட்டையில் பிழை 2 என்று போட்டிருந்தால், எல்லா அளவும் இரண்டுக்குள் இருக்கும் என்று அர்த்தமில்லை. மூன்றில் இரண்டு பங்கு அளவுகள் அதற்குள் இருக்கும், மிச்சம் அதைத் தாண்டும் என்பதுதான் அர்த்தம். அதுவும் ஆரோக்கியமானவர்களைச் சோதனைக்கூடத்தில் உட்கார வைத்து எடுத்த கணக்கு.

இன்னொரு காரணம் தோல் நிறம். அப்பா நல்ல கறுப்பு. மாறாமல் இருக்கும் பகுதியைக் கருவி தள்ளிவிடுவதால் தோல் நிறமும் தள்ளுபடியாகிவிடும் என்றுதான் கணக்கு. நடைமுறையில் முழுதாக ஆவதில்லை. கருமையான தோலில் மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். 2020 டிசம்பரில் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய சமயங்களில் தமனி ரத்தத்தையும் அளந்து பார்த்தார்கள். ரத்தத்தில் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீத அளவுகளில். கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். அவர்களுக்கு ஒன்பதில் ஒரு தடவை மீட்டர் பரவாயில்லை என்ற நேரத்தில் ரத்தம் பரவாயில்லை என்ற நிலையில் இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து, கருமையான தோல் உள்ள நோயாளிக்கு 92, 93 என்று வந்தால் நான் அதைக் கொஞ்சம் குறைத்தே மனதில் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றுதானே குறைந்திருக்கிறது என்று தம்பி சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சதவீதம் நேர்கோட்டில் இறங்குவதில்லை. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளது. தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 95 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருக்கும்போது செறிவு 97. அழுத்தம் 67-க்கு இறங்கிய பிறகும் செறிவு 93தான். நுரையீரல் தன் கையிருப்பில் கால் பங்குக்கு மேல் இழந்துவிட்டது, மீட்டரில் நான்கு புள்ளிதான் குறைந்திருக்கிறது. அழுத்தம் 60 ஆகும்போது செறிவு 90. அதற்குக் கீழே சரிவு செங்குத்து. கொஞ்சம் அழுத்தம் குறைந்தாலும் சதவீதம் மளமளவென்று விழும். மேலே இருக்கும்போது மெதுவாக நகரும் எண், கீழே வந்தபின் அவகாசம் தராது.

அதனால் ஒருவருக்கு வழக்கமாக எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு நோய் வருவதற்கு முன்னால் 97. அவருக்கு 93 என்பது நான்கு புள்ளி இறக்கம். சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவருக்கு 91 என்பது எப்போதும் இருப்பதாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட சிலருக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போதே 88 முதல் 92 வரை போதும் என்று மருத்துவர்கள் வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எல்லை எண்ணை எடுத்து நம் வீட்டு நோயாளிக்குப் பொருத்தக் கூடாது. மருத்துவரிடமே, இவருக்கு எந்த எண்ணில் போன் செய்ய வேண்டும், எந்த எண்ணில் கிளம்பிவிட வேண்டும் என்று இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எண் தாமதமாக வரும் என்பதும் பலருக்குத் தெரியாது. நுரையீரலிலிருந்து ரத்தம் விரல் நுனிக்கு வந்து சேரவேண்டும். மீட்டரும் சில நொடிகளின் அளவைச் சராசரி எடுத்துத்தான் காட்டும். இரண்டும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகலாம், கை குளிர்ந்திருந்தால் இன்னும் அதிகம். நோயாளிக்குச் சளியை உறிஞ்சி எடுத்து முடித்து, ஆக்சிஜனைத் திரும்ப வைத்த பிறகுதான் எண் இறங்க ஆரம்பிக்கும். ஆக்சிஜன் வைத்தும் இறங்குகிறதே என்று புதியவர்கள் பதறுவார்கள். அது அரை நிமிடத்துக்கு முந்தைய செய்தி. வீட்டில் ஒரு தடவை அப்பா இருமி முடித்த பிறகு எண் விழுந்ததும், பின் தானாக ஏறியதும் இதனால்தான்.

மீட்டர் கொஞ்சமும் கண்டுபிடிக்காத ஒன்று கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரியடுப்போ எரிந்து அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அந்த வாயு உட்கார்ந்துவிடும். அதுவும் நல்ல சிவப்பாக இருப்பதால் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது, 98 என்று காட்டும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று ஒரே அறையில் இருந்த எல்லாருக்கும் வந்தால் மீட்டரைத் தேடாதீர்கள். வெளியே தூக்கி வாருங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தசோகையும் இதே மாதிரி ஏமாற்றும். மீட்டர் சொல்வது இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும். 14 கிராம் இருக்க வேண்டியவருக்கு 7 கிராம்தான் இருந்தாலும் அந்த ஏழும் நிரம்பியிருந்தால் 98தான் வரும். உடம்புக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனோ பாதி. நகப்பூச்சு, மருதாணியெல்லாம் இவற்றோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம். அடர்ந்த நிறமாக இருந்தால் வேறு விரலில் மாட்டிப் பாருங்கள், அல்லது மீட்டரைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டுங்கள்.

அப்பா இரண்டாவது தடவை வீட்டுக்கு வந்தபோது தம்பிக்கு உட்கார்ந்து முறையாகச் சொல்லிக்கொடுத்தேன். அளக்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை சூடாக இருக்க வேண்டும், மேசையிலோ மடியிலோ சாய்ந்திருக்க வேண்டும். விரல் நுனி மீட்டரின் உள்முனையைத் தொடும்வரை போக வேண்டும். பாதி நுழைந்த விரலின் ஓரமாக ஒளி கசிந்து போகும், அதுவும் கணக்கைக் கெடுக்கும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கட்டிய கையில் மாட்டக் கூடாது, பட்டை இறுகியதும் துடிப்பு நின்றுவிடும். மாட்டியவுடன் வரும் முதல் எண்ணை எழுதக் கூடாது, எண் ஒரு இடத்தில் நிலைத்து நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். அப்புறம் மணிக்கட்டில் துடிப்பு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சு. எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சு மாறிவிடும்.

நடக்க வைத்துப் பார்ப்பதையும் அப்போது சேர்த்துக்கொண்டோம். மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகு, உட்கார்ந்திருக்கும்போது 95 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும், வீட்டுக்குள்ளேயே ஒருவர் கூடவே நடந்து ஒரு நிமிடம். நடந்து முடித்ததும் உட்கார வைத்து மீட்டரை மாட்டி, அடுத்த ஒரு நிமிடத்தில் எவ்வளவு வரை இறங்குகிறது என்று பார்ப்போம். மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் போன் செய்யச் சொல்லியிருந்தார். உட்கார்ந்த இடத்தில் நன்றாக இருப்பதுபோலத் தெரியும் நுரையீரல், வேலை கொடுத்தால்தான் தன் நிலையைச் சொல்லும்.

நோட்டில் இப்போது ஒரு வரிக்கு ஐந்து கட்டங்கள். நேரம், ஆக்சிஜன், மீட்டரின் துடிப்பு, கையால் எண்ணிய துடிப்பு, மூச்சு. நேற்று மாலை தம்பி எழுதியது: 6 மணி, 96, 82, 84, 18. அதற்கடுத்த வரியில், நடந்த பின் 95. ஓரத்தில், அவனாகவே சேர்த்த ஒரு குறிப்பு: கை சூடு, நன்றாகப் பேசுகிறார், படியேறட்டுமா என்று கேட்டார்.

மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.